சித்திரை மாதத்துக் கிணற்றுக் கணக்கு

நேயர்களுக்கு வணக்கம். நான் சென்னிமலையில் கைத்தறிப் போர்வை விற்கிறேன். கடை கிடையாது. இன்ஸ்டாகிராமும் வாட்ஸ்அப்பும்தான் என் கடை. கொள்முதல், படம் எடுப்பது, விலை சொல்வது, பார்சல் கட்டுவது, ஜிஎஸ்டி கணக்கு எல்லாமே நான் ஒருத்திதான். என்னைப் போல ஒற்றை ஆளாகத் தொழில் நடத்துகிறவர்கள் வாரத்துக்கு எத்தனை பதிவு போடலாம் என்பதைப் பற்றிப் பேசத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன்.

தொழில் தொடங்கிய புதிதில் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போனேன். தினமும் ஒரு ரீல் போட்டே ஆக வேண்டும், ஒரு நாள் விட்டாலும் ஆட்கள் மறந்துவிடுவார்கள் என்றார்கள். நம்பினேன். பதினோரு வாரம் விடாமல் போட்டேன். பன்னிரண்டாவது வாரம் தீபாவளி ஆர்டர் குவிந்தது. பகலெல்லாம் பார்சல், ராத்திரி பதினோரு மணிக்கு எடிட். ஒருநாள் டபுள் பெட்ஷீட் கேட்டவருக்குச் சிங்கிளையும், சிங்கிள் கேட்டவருக்கு டபுளையும் மாற்றி அனுப்பிவிட்டேன். இரண்டு பக்கமும் கூரியர் செலவு என் தலையில். தீபாவளி முடிந்ததும் நாற்பது நாள் அந்தப் பக்கத்தையே திறக்கவில்லை.

அந்த நாற்பது நாளில் எனக்கு என்ன ஆயிற்று என்பது பிறகுதான் புரிந்தது. வேலையில் ஏற்படும் இந்த முழுச் சோர்வை உலக சுகாதார நிறுவனம் 2019-ல் விளக்கியபோது மூன்று அடையாளங்களைச் சொன்னது. உடம்பிலும் மனதிலும் தெம்பு வற்றிப் போவது ஒன்று. செய்கிற வேலை மேலேயே ஒரு வெறுப்போ விலகலோ வருவது இன்னொன்று. என்ன செய்தாலும் உருப்படியாக வரவில்லை என்ற நினைப்பு மூன்றாவது. எனக்கு முதலில் தெரிந்தது இரண்டாவதுதான். "இது என்ன விலைங்க?" என்று ஒருவர் கேட்கிறார். விலை படத்துக்குக் கீழேயே இருக்கிறது. முன்பெல்லாம் சிரித்துக்கொண்டே பதில் போடுவேன். அந்த மாதம் அந்தக் கேள்வியைப் பார்த்ததும் சுள்ளென்று கோபம் வந்தது. வாங்க வருகிறவர் மேல் கோபம் வருகிறதென்றால் அதை உடனே கவனிக்க வேண்டும். களைப்பு தூங்கி எழுந்தால் போய்விடும், இது போகாது.

என் பெரியப்பாவுக்குத் தோட்டம் உண்டு. ஐப்பசியில் கிணறு நிறைந்து நிற்கும்போது எல்லோருக்கும் கரும்பு நடலாம் என்று ஆசை வரும். அவர் கேட்பார், "சித்திரைல எவ்வளவு ஊறுமுன்னு பாத்தீங்களா?" சித்திரையில் கிணறு எவ்வளவு ஊறுகிறதோ, அதற்குத் தாங்குகிற பயிரைத்தான் வைப்பார். நான் செய்த தப்பு அங்கேதான் இருந்தது. வேலை குறைவான ஒரு நல்ல வாரத்தை வைத்துத் தினமும் ஒன்று என்று முடிவு செய்திருந்தேன்.

அடுத்த முறை நோட்டு வாங்கி, இரண்டு வாரம் ஒவ்வொரு பதிவுக்கும் பிடிக்கிற நேரத்தை எழுதினேன். ஒரு ரீலுக்குப் படம் எடுக்க 40 நிமிடம், எடிட்டுக்கு 70 நிமிடம், கீழே எழுதும் வரிகளுக்கு 20 நிமிடம். இதோடு முடியவில்லை. பதிவு போட்ட பிறகு வருகிற கேள்விகளுக்குப் பதில் சொல்ல இன்னும் 40 நிமிடம். இந்தக் கடைசிக் கணக்கைத்தான் பெரும்பாலும் யாரும் எழுதுவதில்லை. மொத்தம் 2 மணி 50 நிமிடம். வாரம் ஏழு ரீல் என்றால் கிட்டத்தட்ட 20 மணி நேரம்! போர்வையை மடித்து வைத்து எடுக்கும் சாதாரணப் படத்துக்குப் பதில் சொல்வதையும் சேர்த்து ஒரு மணி நேரம்தான் ஆனது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் ஐந்தே நிமிடம்.

பிறகு என்னுடைய சித்திரை எது என்று பார்த்தேன். ஆர்டர் குவிகிற வாரம், அதோடு 20-ஆம் தேதி ஜிஎஸ்டி கணக்குத் தாக்கலும் சேர்ந்து வருகிற வாரம். அந்த வாரத்தில் தூக்கத்தைத் தொடாமல் எனக்கு மிஞ்சுவது 5 மணி நேரம். அதில் ஒரு மணி நேரத்தைக் காய்ச்சலுக்கும், விருந்தாளிக்கும், மின்தடைக்கும் என்று விட்டுவிட்டேன். மீதி நாலு மணி நேரத்தில் ஒரு ரீல், ஒரு படம். இரண்டு நாள் ஸ்டேட்டஸும் சரியாக அதற்குள் வந்துவிடும். ஆக, வாரம் இரண்டு பதிவுதான் என் அளவு.

இவ்வளவு குறைவா என்று உங்களுக்குத் தோன்றலாம். இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசேரியே 2021-ல், வாரத்துக்கு ஓரிரண்டு பதிவும் நாளுக்கு ஓரிரண்டு ஸ்டோரியும் என்றுதான் பொதுவாகச் சொன்னார். தினமும் ஒரு ரீல் என்பது அவர் சொன்னதல்ல. ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. ஏழிலிருந்து இரண்டுக்கு இறங்கினால் புதிதாகப் பார்ப்பவர்களின் எண்ணிக்கை குறையும். எனக்கும் குறைந்தது. அதனால் ஆர்டர் செய்கிற ஒவ்வொருவரிடமும், "எதைப் பாத்துட்டுக் கேட்டீங்க?" என்று கேட்டு நோட்டில் குறித்து வந்தேன். பாதிக்கு மேல் ஏற்கெனவே வாங்கியவர்கள், ஸ்டேட்டஸ் பார்த்துக் கேட்டவர்கள். அந்த ஐந்து நிமிட ஸ்டேட்டஸ்தான் கூடுதலாக விற்றுக்கொடுத்திருக்கிறது. உங்கள் தொழிலில் வேறு மாதிரி இருக்கலாம், கேட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

படம் எடுப்பதையும் மாற்றிக்கொண்டேன். எனக்குப் போர்வை நெய்து தருகிற அண்ணா ஒரு நாள் சொன்னார்: "ஏனுங்கம்மிணி, நீங்க வர்றப்பவெல்லாம் தறிய நிறுத்தோணுமுங்க. வாரத்துல ஒரு போர்வை அதுலயே போயிருதுங்க." எனக்குச் சுருக்கென்றது. என் நேரத்தை மட்டும் எண்ணினேன், அவருடைய கூலியை எண்ணவில்லை. இப்போது மாதத்துக்கு ஒரே நாள் போகிறேன். காலை பத்து மணிக்கு ஜன்னல் வெளிச்சம் தறி மேல் விழும் நேரத்தில் நாலு ரீலுக்கும் வேண்டியதை எடுத்துவிடுவேன். அவர் நிறுத்துகிற நேரத்துக்கு ஒரு போர்வைக்கான கூலியைக் கையில் கொடுத்துவிடுகிறேன்.

எடுத்ததைத் தேதி போட்டு முன்கூட்டியே வைக்கலாம். இன்ஸ்டாகிராமில் 75 நாள் வரைக்கும் வைக்க முடியும். ஆனால் பதிவு தானாகப் போகுமே தவிர, பதில் தானாகப் போகாது. கல்யாண வீட்டில் நிற்கிற நாளுக்கு ரீல் வைத்துவிட்டுப் பந்தியில் உட்கார்ந்து போன் பார்த்ததுண்டு. அதனால் பதில் சொல்ல முடிகிற நாளுக்குத்தான் தேதி வைக்கிறேன். இவை போக, முதல் முறை துவைக்கும்போது தனியாகத் துவையுங்கள் என்பது போல எந்த மாதத்துக்கும் பொருந்துகிற மூன்று பதிவு எப்போதும் கையிருப்பில் இருக்கும். காய்ச்சல் வந்தால் அது போகும்.

இந்த அளவை வைத்துவிட்டு எட்டு வாரம் அசைக்கவில்லை. நோட்டில் இரண்டே விஷயம் பார்த்தேன். இரண்டு வாரம் தொடர்ந்து ராத்திரி பத்து மணிக்கு மேல் எடிட் செய்திருந்தால் ஒரு பதிவைக் குறைப்பது. நெருக்கடியான வாரத்திலும் விடாமல் போட்டு, கையிருப்பு மூன்றும் அப்படியே இருந்தால், ஒரே ஒரு படம் கூட்டிப் பார்ப்பது.

போன தீபாவளிக்கு ஒரு பதிவாகக் குறைத்தேன். ஸ்டேட்டஸில், "பார்சல் வேலை முடியுற வரைக்கும் வாரம் ஒரு பதிவுதானுங்க" என்று எழுதி வைத்தேன். ஈரோட்டிலிருந்து வழக்கமாக வாங்குகிற ஒரு அக்கா பதில் அனுப்பினார். "படம் எதுக்குடா கண்ணு, போன தடவ வாங்குன அதே பச்சைல ரெண்டு அனுப்பு." அந்த ஆண்டு பார்சல் ஒன்றுகூட மாறிப் போகவில்லை.

வணக்கம்.