92 விழுக்காட்டில் ஒளிந்திருந்த ஒரு "கூடாது"

வணக்கம் நேயர்களே. ரைஸ் குக்கர் கையேட்டின் புதிய பதிப்பை ஒமேகாடி என்ற மொழிபெயர்ப்பு மென்பொருளில் மொழிபெயர்க்கத் தொடங்கியிருப்பதாகச் சென்ற காணொளியில் சொல்லியிருந்தேன் அல்லவா, அந்த வேலை நேற்றிரவு முடிந்தது. ஆனால் அனுப்புவதற்குச் சற்று முன்னால் நான் கண்டுபிடித்த ஒரு வாக்கியம் இன்னும் என் மனத்தைவிட்டு அகலவில்லை.

பழைய மாடலின் கையேட்டில், "இந்த ரைஸ் குக்கரின் உள்மூடியை டிஷ்வாஷரில் கழுவக்கூடாது" என்று இருந்தது. புதிய மாடலின் உள்மூடியைக் கழற்றி டிஷ்வாஷரில் கழுவலாம். ஆங்கில மூலத்தில் உள்ள 13 சொற்களில் "கேனாட்" என்பது "கேன்" ஆனதைத் தவிர வேறு எந்த மாற்றமும் இல்லை. பதின்மூன்றில் பன்னிரண்டு ஒத்துப்போவதால் மென்பொருள் அதை 92 விழுக்காடு ஃபஸி மேட்ச், அதாவது முழுதும் ஒத்துப்போகாத பொருத்தம், என்று காட்டி, பழைய தமிழ் வாக்கியத்தை அப்படியே கட்டத்தில் நிரப்பிவிட்டது. நானும் அதை ஏற்றுக்கொண்டு அடுத்ததற்குப் போயிருக்கிறேன்.

விழுக்காடு எத்தனை சொற்கள் ஒத்திருக்கின்றன என்பதை மட்டுமே அளக்கிறது. மாறிய சொல் எவ்வளவு முக்கியமானது என்பதை அது அறியாது. நான்கு சொல் வாக்கியத்தில் ஒரு சொல் மாறினால் 75 என்று காட்டும், நாமும் விழித்துக்கொள்வோம். நீளமான வாக்கியத்தில் பொருளே தலைகீழானாலும் தொண்ணூறுக்கு மேல் காட்டும். தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஆங்கிலத்தில் மறுப்பு வாக்கியத்தின் நடுவில் வருகிறது, மூலத்தில் மாறிய இடத்தை மென்பொருள் வண்ணமிட்டும் காட்டுகிறது. தமிழிலோ "கழுவலாம்", "கழுவக்கூடாது" என்ற வேறுபாடு கடைசிச் சொல்லின் ஈற்றில்தான் இருக்கிறது, அங்கே எந்த வண்ணமும் விழுவதில்லை. முன்பகுதி சரியாக இருப்பதைக் கண்ட கண், முடிவுவரை போகாமலே நின்றுவிடுகிறது.

இந்த ஒரு வாக்கியத்துக்கான கூலியையும் சொல்லியாக வேண்டும். என் ஒப்பந்தப்படி ஒரு சொல்லுக்கு 12 காசு. முழு விலையில் இந்த வாக்கியம் 1 வெள்ளி 56 காசு பெறும். 85 முதல் 94 விழுக்காடு வரை பொருந்தினால் 40 விழுக்காட்டுக் கூலிதான் என்பதால், எனக்குக் கிடைப்பது 62 காசு. மூலத்தைப் படித்து, பழைய வாக்கியத்தோடு ஒப்பிட்டு, வினைமுற்றைத் திருத்துவதற்கு, புதிதாக ஒரு வாக்கியம் எழுதும் நேரத்தைவிடச் சில வேளைகளில் கூடுதலாகவே ஆகிறது. சொல் எண்ணிக்கையை வைத்துக் கழிவு கணக்கிடும் இந்த முறையை நான் மனதார வெறுக்கிறேன், வேகமாகத் தாண்டிப்போகச் சொல்லித் தூண்டுவதே அதுதான்.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். தானாக நிரப்பும் பொருத்தங்களின் முன்னால் ஒமேகாடி இயல்பாகவே [fuzzy] என்ற அடையாளத்தைச் சேர்க்கும். ஒவ்வொரு முறையும் அதை அழிக்க அலுத்துப்போய், சென்ற ஆண்டு அமைப்புகளில் அதை நீக்கிவிட்டிருந்தேன். அந்த அடையாளம் இருந்திருந்தால் இந்த வாக்கியம் என் கையைத் தாண்டியிருக்காது. எண்களையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: ஒமேகாடி காட்டும் மூன்று விழுக்காடுகளில் நடுவில் உள்ளது எண்களைக் கணக்கில் எடுப்பதில்லை, மூன்றாவதுதான் எடுக்கிறது. "10 நிமிடங்கள்" என்பது "30 நிமிடங்கள்" ஆனாலும் நடுவில் 100 என்றே நிற்கும். ஆகவே மூன்றாவது எண்ணைத்தான் நான் பார்க்கிறேன்.

பிழை அகப்பட்டது எப்படி என்றால், முடித்த பிறகு தேடல் சாளரத்தில் மொழிபெயர்ப்பில் மட்டும் "கூடாது" என்று தேடினேன். 41 வாக்கியங்கள் வந்தன. ஒவ்வொன்றின் மூலத்திலும் மறுப்புச் சொல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தபோது, ஒன்றில் மட்டும் இல்லை. பதினைந்து நிமிட வேலைதான், ஆனால் அந்த ஒன்றைக் கண்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி பெரிது. பிறகு "வேண்டாம்" என்றும் தேடினேன், அங்கே எல்லாம் சரியாக இருந்தது.

அதைத் திருத்தாமல் விட்டிருந்தால், மூலமும் தவறான மொழிபெயர்ப்பும் சேர்ந்த இணை, செய்த மொழிபெயர்ப்புகளைச் சேமிக்கும் project_save.tmx கோப்பில் பதிந்து, அடுத்த மாடலுக்கு 100 விழுக்காடு பொருத்தமாக வந்து நின்றிருக்கும். நூறு என்று வருவதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பழைய மாடலின் மொழிபெயர்ப்பு நினைவகக் கோப்பில் உள்ள "கழுவக்கூடாது" என்பதோ அந்த மாடலுக்குச் சரியானதே, அதை அழிக்கக் கூடாது. ஆகவே அந்தக் கோப்பை tm கோப்புறைக்குள் penalty-015 என்ற பெயரில் ஓர் உட்கோப்புறை திறந்து அதற்குள் நகர்த்திவிட்டேன். இனி அதிலிருந்து வரும் ஒவ்வொரு பொருத்தத்திலும் 15 கழியும். 92 என்பது 77 ஆகி, தானாக நிரப்புவதற்கு நான் வைத்திருக்கும் 80 என்ற வரம்புக்குக் கீழே போய்விடும், பக்கத்துச் சாளரத்தில் பார்வைக்கு மட்டும் நிற்கும். முழுதும் ஒத்த வாக்கியம்கூட 85 என்றுதான் வந்து சேரும், அதுவும் [fuzzy] என்ற அடையாளத்தோடு. அந்த அடையாளத்தை இன்று காலையில் மீண்டும் சேர்த்துவிட்டேன்.