மூன்று பேர் திருத்திய ஒரு பத்தி

வணக்கம். எழுதியதை நாலு பேரிடம் படிக்கக் கொடுத்துவிட்டு, நாலும் நாலு திசையில் இழுக்க, யார் பேச்சைக் கேட்பது என்று விழித்திருப்பீர்கள். நானும் பல தடவை விழித்திருக்கிறேன்.

அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்களுக்காக ஒரு சின்னக் கையேடு எழுதினேன். அதில் காயத்தைப் பார்த்துக்கொள்வது பற்றி ஒரு பத்தி. டாக்டர் ஓரத்தில் "இது போதாது, விரிவாக எழுதுங்கள்" என்று எழுதினார். நர்ஸ் அதே பத்தியைச் சுற்றி வட்டம் போட்டு "ரொம்ப நீளம், பாதியாக்குங்கள்" என்றார். வீட்டில் அம்மாவைக் கவனித்துக்கொண்டிருந்த ஒரு பெண், "சரி, நான் எப்போது போன் பண்ண வேண்டும்?" என்று மட்டும் கேட்டிருந்தார்.

நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். யார் மனமும் நோகக்கூடாது என்று டாக்டருக்காக இரண்டு வரி சேர்த்து, நர்ஸுக்காக இரண்டு வரி வெட்டினேன். மறுநாள் வாய்விட்டுப் படித்தால் ஒரே பத்தியில் 'காயம்', 'புண்', 'தையல் போட்ட இடம்' என்று மூன்று பெயர். படிக்கிறவர் மூன்றும் வேறு வேறு என்று நினைக்க மாட்டாரா? ஒட்டுப் போட்ட எழுத்து இப்படித்தான் காட்டிக்கொடுக்கும், ஒரே பொருளுக்குப் பல பெயர் வந்துவிடும், இல்லையென்றால் 'ஆனால்', 'இருந்தாலும்' என்று வரிக்கு வரி முளைக்கும்.

அப்புறம்தான் மூன்று பேரின் குறிப்புகளையும் ஒரே பிரதியில் எழுதிப் பார்த்தேன். ஆள்வாரியாக இல்லை, பத்திவாரியாக. மூன்று பேருமே ஒரே இடத்தில் தடுக்கி விழுந்திருக்கிறார்கள்! தினமும் செய்ய வேண்டியதையும் ஆபத்து அறிகுறிகளையும் நான் ஒன்றாகக் குழைத்துவிட்டிருந்தேன். அதனால் டாக்டர் கண்ணுக்கு அறிகுறிகள் குறைவாகத் தெரிந்தன, நர்ஸுக்கு அன்றாட வேலை அதில் புதைந்துபோயிருந்தது. அவர்கள் சொன்ன வைத்தியம்தான் வேறு வேறு, வலி ஒன்றுதான். திரும்பவும் சொல்கிறேன், வலி ஒன்றுதான்.

பத்தியை இரண்டாகப் பிரித்தேன். தினமும் செய்வது நாலே வரி. சிவப்பு பரவினால், சீழ் வந்தால், காய்ச்சல் அடித்தால் உடனே போன் பண்ணுங்கள் என்பது தனித் தலைப்பில். நர்ஸ் கேட்ட சுருக்கமும் டாக்டர் கேட்ட விரிவும் இரண்டுமே கிடைத்துவிட்டன, அந்தப் பெண்ணின் கேள்விதான் தலைப்பு.

எல்லாச் சண்டையும் இப்படிச் சுமுகமாக முடியாது. நடையைப் பற்றிய சண்டை என்றால், இது யாருக்காக எழுதியது என்று முதலிலேயே ஒரு வரி எழுதி வைத்துக்கொண்டு அதை வைத்து நானே முடிவெடுப்பேன். மருந்தின் அளவு தப்பு என்று ஒருவர் சொன்னால் அங்கே ஓட்டெடுப்பு கிடையாது, மற்றவர்கள் சும்மா இருந்தாலும் சரிபார்த்தே ஆக வேண்டும்.

நேரம் முடிகிறது என்று ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். ஏற்காத குறிப்புக்கு ஏன் ஏற்கவில்லை என்று ஒரு வரி பதில் போட்டுவிடுங்கள். டாக்டரின் வேறொரு குறிப்பை ஏற்காதபோது நான் அப்படிப் போட்டேன், அடுத்த கையேட்டையும் அவர்தான் படித்துக் கொடுத்தார். வணக்கம்.