பூச்சுக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

வானொலி நேயர்களுக்கு வணக்கம். முப்பது ஆண்டுகளாக வீடுகளுக்குள் அலமாரி, கதவு, கண்ணாடிச் சட்டம் என்று மரவேலை செய்துவருகிறவன் நான். கனமான நிலைக்கண்ணாடியைச் சுவரில் மாட்டுவது எப்படி என்று பேசச் சொன்னார்கள். அதிலும் ஹாலோ பிளாக் சுவரையும் உள்ளே பொள்ளலாக இருக்கும் செங்கல் சுவரையும் பற்றித்தான் பேசப்போகிறேன், ஏனென்றால் கண்ணாடி விழுவது பெரும்பாலும் இந்தச் சுவர்களில்தான்.

என் பெரியம்மா மகள் வீட்டில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அக்கா புது வீடு கட்டிக் குடிபோன சமயம் அது. நான் வெளியூர் வேலையில் இருந்தேன். நான்கடிக்கு மூன்றடி நிலைக்கண்ணாடி, தேக்குச் சட்டம், பின்னால் பிளைவுட். யாரோ ஒருவரைக் கூப்பிட்டு, இரண்டு பிளக் அடித்து, இரண்டு கொக்கி முடுக்கி, கம்பியில் தொங்கவிட்டுவிட்டார்கள். நான்கு மாதம் நின்றது. ஒருநாள் நடுராத்திரி பெரிய சத்தம். கூடமெல்லாம் சில்லு. நல்லவேளை, பிள்ளைகள் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் போனதும் அக்கா கேட்டார்: “தம்பி, நாலு மாசம் நின்னது ஒரே ராத்திரியில எப்படிப்பா விழும்?”

ஒரே ராத்திரியில் விழவில்லை. அந்த நான்கு மாதமும் விழுந்துகொண்டேதான் இருந்தது. பெருக்கும்போது அந்த இடத்தில் வெள்ளையாகத் தூள் கிடக்குமா என்று கேட்டேன். ஆமாம், சுண்ணாம்பு உதிர்கிறது என்று நினைத்துத் தினமும் பெருக்கித் தள்ளினேன் என்றார். கண்ணாடியின் மேல் விளிம்புக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி கூடியதா என்றேன். விரல் நுழையும் அளவு வந்துவிட்டது, துணி விட்டுத் துடைக்க வசதியாக இருந்தது என்றார். உங்கள் வீட்டிலும் இந்த இரண்டு அடையாளத்தைக் கண்டால், அதாவது கீழே தூளும் மேலே இடைவெளியும் இருந்தால், அன்றைக்கே கண்ணாடியை இறக்கித் தரையில் வைத்துவிடுங்கள்.

பிளக் இருந்த ஓட்டையில் டார்ச் அடித்துப் பார்த்தேன். பூச்சில் ஓட்டை எட்டு மில்லிமீட்டர்தான். உள்ளே கல்லில் ஒரு எலுமிச்சம்பழம் போகும் அளவுக்குப் பள்ளம். சுட்ட மண்ணில் செய்த ஹாலோ செங்கல் அது. அதன் வெளி ஓடு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் கனம்தான் இருக்கும், அதன் பின்னால் சின்னச் சின்ன அறைகளாக வெற்றிடம். டிரில்லிங் மெஷினை ஹேமரில் வைத்து அடித்திருக்கிறார்கள். அந்த அடி தாங்காமல் ஓடு பின்பக்கமாகச் சில்லுச் சில்லாக உடைந்து உள்ளே விழுந்துவிட்டது. முன்னால் பார்த்தால் ஓட்டை அழகாக வட்டமாக இருக்கும். பிடிமானம் போன இடம் கண்ணுக்குத் தெரியாது.

அதனால் நான் யாரிடமும் முதலில் சொல்வது ஹேமரை அணைக்கச் சொல்லித்தான். ஹாலோ செங்கல்லில் சுற்றி மட்டும் துளையிட வேண்டும், இடித்துத் துளையிடக் கூடாது. நேரம் கொஞ்சம் கூடுதலாக ஆகும், பிட் சூடாகும். பரவாயில்லை, நிறுத்தி நிறுத்திப் போடலாம்.

துளையிடும்போதே சுவர் உங்களிடம் பேசும். முதலில் சாம்பல் நிறத் தூள் வந்தால் அது சிமெண்ட் பூச்சு. அப்புறம் சிவப்புத் தூள் வந்தால் கல் தொடங்கிவிட்டது. நிறம் மாறிய அந்த நொடியில் நிறுத்தி, பிட்டில் ஒரு டேப் ஒட்டி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள், பூச்சின் கனம் தெரிந்துவிடும். மறுபடி போடும்போது மெஷின் திடீரென்று ஒரு குதி குதித்து உள்ளே போனால் பின்னால் வெற்றிடம் இருக்கிறது. குதிக்காமல் சீராக, விரல் நீளத்துக்குச் சிவப்புத் தூளே வந்துகொண்டிருந்தால் அது கெட்டியான செங்கல். அந்தச் சுவரில் சாதாரண நைலான் பிளக்கே போதும்.

ஓடு எவ்வளவு கனம் என்று தெரிந்துகொள்ள ஒரு துண்டுக் கட்டுக்கம்பி போதும். கம்பியின் நுனியை நான்கு மில்லிமீட்டர் அளவுக்கு மடக்கி ஓட்டைக்குள் விட்டு, மெதுவாக உங்கள் பக்கம் இழுங்கள். ஓட்டின் பின்பக்கத்தில் அந்த மடக்கு மாட்டும். மாட்டியதும், சுவர் ஓரத்தில் கம்பியை நகத்தால் பிடித்துக்கொண்டு வெளியே எடுத்து ஸ்கேலில் வைத்துப் பாருங்கள். அக்கா வீட்டில் 27 மில்லிமீட்டர் வந்தது. அதில் பூச்சு 16, கல் வெறும் 11.

இந்த 27-ஐ மனதில் வைத்துக்கொண்டு விழுந்த பிளக்கைப் பாருங்கள். அதன் நீளம் 30. அதில் 16, அதாவது பாதிக்கு மேல், பூச்சுக்குள் இருந்திருக்கிறது. பூச்சு சுமை தாங்குவதற்காகப் போட்டதல்ல, கல்தான் தாங்க வேண்டும். அந்தப் பிளக் வேலை செய்யும் விதத்தையும் பாருங்கள். திருகாணி உள்ளே போகப் போக அது பக்கவாட்டில் விரிந்து ஓட்டையை நெருக்கும். சுற்றிலும் கெட்டியான கல் இருந்தால் அந்த நெருக்கம்தான் பிடி. சுற்றியிருப்பது ஒரு சென்டிமீட்டர் ஓடு என்றால் அதே நெருக்கத்தில் அந்த ஓடு விரிசல் விட்டுவிடும். இரும்பு ஆங்கர் ஃபாஸ்ட்னர் இன்னும் மோசம். கான்கிரீட்டுக்கென்று செய்த அது ஹாலோ கல்லை உடைத்தே விடும். கடையில் பாக்கெட்டின் மேல் இத்தனை கிலோ தாங்கும் என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்குகிறோம். அது பெரும்பாலும் கான்கிரீட்டில் தாங்கும் எடை. பொள்ளல் கல்லுக்கு என்ன போட்டிருக்கிறது என்று தேடிப் படியுங்கள், மிகவும் குறைவாக இருக்கும். ஒன்றுமே போடவில்லையென்றால் அதை வாங்காதீர்கள்.

அப்படியானால் பொள்ளல் சுவரில் எது பிடிக்கும்? பக்கவாட்டில் நெருக்குவதை நம்பாமல், ஓட்டின் பின்னால் போய்த் தடித்து நிற்கிற ஒன்று வேண்டும். சட்டைப் பொத்தான் துளைக்குப் பின்னால் குறுக்கே நிற்பது போல.

அதில் எளியது, முடிச்சுப் போடுகிற நைலான் பிளக். திருகாணியை முடுக்கும்போது அதன் நுனி பின்னோக்கி இழுபட்டு, நைலான் மடிந்து ஓட்டின் பின்னால் முடிச்சாகிவிடும். வீட்டில் அரை அங்குலப் பிளைவுட் துண்டு இருந்தால் எட்டு மில்லிமீட்டர் ஓட்டை போட்டு, இந்தப் பிளக்கை விட்டு முடுக்கிப் பாருங்கள். பின்பக்கம் முடிச்சு விழுவதைக் கண்ணாலேயே காணலாம். மலிவான கெட்டிப் பிளாஸ்டிக் பிளக்கை விட்டால் முடிச்சு விழாது, சும்மா சுற்றும். ஒன்றைக் கவனியுங்கள். திருகாணி பிளக்கின் நுனியைத் தாண்டி வெளியே வர வேண்டும், பிளக்குக்குச் சொன்ன தடிமனும் இருக்க வேண்டும். ஒல்லியான திருகாணி போட்டால் முடிச்சு விழவே விழாது. முடுக்கும்போது கைக்கு இறுக்கம் கூடிக்கொண்டே போனால் சரி. திடீரென்று லூசானால் அந்த ஓட்டை போயிற்று, வேறு இடம் பாருங்கள்.

சிமெண்ட் ஹாலோ பிளாக்கில் அறைகள் பெரியவை. அங்கே சிறகு ஆங்கர் போடலாம். மடக்கிய சிறகை ஓட்டையில் விட்டால் உள்ளே ஸ்பிரிங்கால் விரியும். அதற்குப் பெரிய ஓட்டை வேண்டும். போல்ட்டை முழுதாகக் கழற்றினால் சிறகு உள்ளே விழுந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். மண் ஹாலோ செங்கல்லின் அறைகள் சிறகு விரியப் போதாது. அதனால் அதில் வேண்டாம்.

அக்கா வீட்டில் நான் போட்டது கெமிக்கல் ஆங்கர், அதாவது இறுகிப்போகும் பசையில் மரைக்கம்பியைப் பதிக்கிற முறை. கண்ணாடியின் எடையைக் கணக்குப் பார்த்தோம். ஐந்து மில்லிமீட்டர் கண்ணாடி ஒரு சதுர அடிக்கு ஏறக்குறைய 1.16 கிலோ. பன்னிரண்டு சதுர அடிக்கு 14 கிலோ. சட்டமும் பிளைவுட்டும் சேர்த்து 25 கிலோ வந்தது. உடைந்த இடத்தை விட்டுத் தள்ளி, கண்ணாடியைத் தாங்கச் சுவரில் பிடிக்கப்போகும் மூன்றடி நீள மரச்சட்டத்துக்கு நான்கு துளை போட்டோம். ஒவ்வொன்றும் 16 மில்லிமீட்டர் அகலம், 85 மில்லிமீட்டர் குழாய் முழுதும் போகும் ஆழம். தூசியை ஊதி, பிரஷ் விட்டு, மறுபடி ஊதி எடுத்தோம். இதைச் சோம்பலால் விட்டால் பசை தூசியில்தான் ஒட்டும், கல்லில் ஒட்டாது. பிறகு சல்லடை போல் துளையுள்ள பிளாஸ்டிக் குழாயைத் துளையில் செருக வேண்டும். அந்தக் குழாய் இல்லாமல் பசையை அழுத்தினால் அத்தனையும் வெற்றிடத்துக்குள் கொட்டிப்போகும்.

டியூபிலிருந்து முதலில் வரும் பசையைக் காகிதத்தில் பிதுக்கிக் கழித்துவிடுங்கள். டியூபில் இருக்கும் இரண்டு பசையின் நிறமும் கலந்து ஒரே நிறம் ஆன பிறகே குழாயில் விட வேண்டும். டியூபின் மூக்கைக் குழாயின் அடிவரை விட்டு, அழுத்திக்கொண்டே வெளியே இழுக்க வேண்டும். எட்டு மில்லிமீட்டர் மரைக்கம்பியைத் திருகியபடி செருகினால் பசை சல்லடை வழியாகப் பிதுங்கி ஒவ்வொரு ஓட்டுக்குப் பின்னாலும் உருண்டையாக நிற்கும். நம் ஊர் வெயிலில் சில நிமிடத்திலேயே இறுகத் தொடங்கிவிடும். அதற்குப் பிறகு கம்பியை அசைக்கக் கூடாது. சுமை ஏற்றும் நேரம் டியூபிலேயே போட்டிருக்கும். நான் மறுநாள் வரை விட்டுவிடுவேன்.

கம்பியில் தொங்கவிடுவதை நிறுத்திவிட்டோம். சாய்வான கம்பியின் ஒவ்வொரு பக்கமும் எடையில் பாதியைத்தான் தாங்குகிறது என்று நினைப்போம். கம்பி கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரிதான் சாய்ந்திருந்தால், ஒவ்வொரு பக்கத்திலும் முழு 25 கிலோ இழுக்கும். அதற்குப் பதில் ஒரு மரச்சட்டத்தை நீளவாக்கில் 45 டிகிரிச் சாய்வாக அறுத்து இரண்டாக்கினேன். ஒரு பாதி சுவரில், சாய்வு சுவர்ப் பக்கம் தாழ்ந்தபடி. மறுபாதி கண்ணாடியின் பின்னால், தலைகீழாக. தூக்கி உட்காரவைத்தால் கண்ணாடி சுவரோடு தானே இறுகும், எடை நான்கு மரைக்கம்பிக்கும் பரவும். கீழ்ப்பக்கம் அதே கனத்தில் ஒரு கட்டை வைத்தால் நேராக நிற்கும்.

கண்ணாடியை ஏற்றும் முன் சோதித்தோம். இருபது லிட்டர் தண்ணீர் கேன் இரண்டை, மொத்தம் 40 கிலோ, அந்தச் சட்டத்தில் கயிறு கட்டி ஒரு ராத்திரி தொங்கவிட்டோம். காலையில் அக்கா முதலில் தரையைத்தான் பார்த்தார். தூள் இல்லை. சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே வைத்த காகிதம் நழுவவும் இல்லை. அப்புறம்தான் கண்ணாடி ஏறியது. எட்டு ஆண்டாக அங்கேதான் இருக்கிறது.

ஜிப்சம் பலகைத் தடுப்பைப் பற்றியும் விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன், நிலைய அன்பர் கையைக் காட்டுகிறார். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வழக்கமான பலகை 12.5 மில்லிமீட்டர்தான். இவ்வளவு எடையை அதில் மட்டும் மாட்டாதீர்கள். சின்னக் காந்தத்தை நகர்த்திப் பார்த்தால் பின்னால் இருக்கும் இரும்புச் சட்டத்தில் ஒட்டும், அங்கே முடுக்குங்கள். தடுப்பு இன்னும் மூடப்படவில்லையென்றால் பின்னால் பிளைவுட் வைக்கச் சொல்லுங்கள். சுவிட்சுக்கு நேர் மேலும் கீழும் ஒயர் ஓடும், துளையிடும்போது அந்தக் கோட்டைத் தவிர்த்துவிடுங்கள். வணக்கம்.