எந்த நூறு மில்லி?

நேயர்களுக்கு வணக்கம். பாளையங்கோட்டையில் வேதியியல் மாணவர்களுக்கு ஆய்வக வகுப்பு எடுக்கிறவன் நான். போன பருவத்தில் பாளை மார்க்கெட்டில் எலுமிச்சை, சாத்துக்குடி, பெருநெல்லி மூன்றும் வாங்கிவந்து, எந்தச் சாற்றில் வைட்டமின் சி கூட என்று அளந்தோம். ஒரு மாணவி நீட்டிய அட்டவணையில், நூறு மில்லிக்குச் சாத்துக்குடி 44 மில்லிகிராம், நெல்லி 42. "அப்போ நெல்லிக்காயைப் பற்றி ஊரே சொன்னது பொய்யா சார்?" என்று கேட்டாள்.

அளந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். வடிகட்டிய சாற்றில் கொஞ்சம் ஸ்டார்ச் கரைசலை விட்டு, அளவுக்கோடுகள் போட்ட பியூரெட் குழாயிலிருந்து அயோடினைச் சொட்டுச் சொட்டாக விடுவோம். வைட்டமின் சி இருக்கும்வரை அது அயோடினைத் தின்றுவிடும். அது தீர்ந்ததும் விழுகிற சொட்டு ஸ்டார்ச்சோடு சேர்ந்து கருநீலமாகும். நீலம் எட்டிப் பார்த்துவிட்டு, குடுவையைச் சுழற்றியதும் ஓடிவிடும். அதை நம்பி நிறுத்தக் கூடாது. அரை நிமிடமாவது நிற்க வேண்டும். எங்கள் அயோடின் ஒரு மில்லி, 0.8 மில்லிகிராம் வைட்டமினுக்குச் சமம். சுத்தமான அஸ்கார்பிக் அமிலத்தை, அதாவது வைட்டமின் சி-யையே வைத்து முதலிலேயே பார்த்து வைத்திருந்தோம்.

சாத்துக்குடி 20 மில்லிக்கு 11 மில்லி அயோடின் செலவானது. அதாவது 8.8 மில்லிகிராம், ஐந்தால் பெருக்கினால் 44. சரி. நெல்லிச் சாற்றை அப்படியே எடுத்தால் 50 மில்லி பியூரெட் இரண்டு முறை காலியாகும். அதனால் 10 மில்லி சாற்றைத் தண்ணீர் விட்டு 100 மில்லியாக்கி, அதில் 20 மில்லி எடுத்தோம். அயோடின் 10.5 மில்லி, வைட்டமின் 8.4 மில்லிகிராம். இங்கேயும் அவள் ஐந்தால் பெருக்கிவிட்டாள். அந்த 20 மில்லியில் உண்மையான சாறு இரண்டே மில்லிதானே! ஐம்பதால் பெருக்க வேண்டும்: 420.

இந்த 420 முழுவதும் வைட்டமின் சி என்றும் அடித்துச் சொல்ல மாட்டேன். நெல்லியின் துவர்ப்புக்குக் காரணமான டானின்களும் கொஞ்சம் அயோடினை இழுத்துக்கொள்ளும். அதை அட்டவணைக்குக் கீழே ஒரு வரியில் எழுதச் சொன்னேன்.

எலுமிச்சைக்கு 30 வந்தது. ஆனால் நூறு மில்லி எலுமிச்சைச் சாற்றை யார் குடிக்கிறார்கள்? ஒரு கிளாஸ் ஜூஸுக்கு 15 மில்லி பிழிந்தால் கிடைப்பது 4.5 மில்லிகிராம்தான். சாத்துக்குடியைத் தண்ணீர் விடாமல் 200 மில்லி குடித்தால் 88. அதனால் "நூறு மில்லி தனிச்சாறு" என்று ஒரு பத்தி, "குடிக்கிற ஒரு கிளாஸ்" என்று பக்கத்தில் இன்னொரு பத்தி போட்டோம்.

அப்புறம், ஒரு பையன் கடையில் வாங்கிய எலுமிச்சை ஸ்குவாஷ் பாட்டிலையும் கொண்டுவந்தான். கணக்குப் போட்டால் தனிச்சாற்றையே மிஞ்சியது. லேபிளைத் திருப்பிப் பார்த்தால், கெடாமலிருக்க சல்ஃபைட் சேர்த்திருக்கிறார்கள். அதுவும் அயோடினைத் தின்னும். அந்த வரியை அட்டவணையிலிருந்து அடித்துவிட்டோம்.