ஔவை தொண்டைமானைப் பாராட்டிய விதம்

“மரியாதையாகத் திட்டினால் வாங்கிக்கொள்கிறவருக்கே புரியாது, அப்புறம் சிரிப்பு எங்கிருந்து வரும்?” என்று எதிரணியின் முதல் பேச்சாளர் கேட்டார்.

நடுவர் அவர்களே, மரியாதையாகத் திட்டினால்தான் சிரிப்பு வரும் என்பது எங்கள் அணியின் கட்சி. அவர் சொன்னதில் பாதி சரி. வாங்குகிறவருக்குப் புரியாமல் போகலாம். ஆனால் சிரிக்க வேண்டியவர் அவரில்லையே, பக்கத்தில் நிற்கிறவர்தானே!

புறநானூற்றின் 95ஆம் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதியமானுக்காகத் தூது போன ஔவைக்குத் தொண்டைமான் தன் ஆயுதச்சாலையைத் திறந்து காட்டுகிறான், எங்கள் பலத்தைப் பார் என்று. ஔவை குரலை உயர்த்தவே இல்லை. உன் ஆயுதங்கள் மயில்பீலி அணிந்து, மாலை சூடி, காம்பு திருத்தி, நெய் பூசி, காவலுள்ள பெரிய மாளிகையில் இருக்கின்றன என்கிறார். எங்கள் அரசனுடைய வேலோ பகைவரைக் குத்திக் குத்தி நுனி சிதைந்து, கொல்லன் பட்டறையில், சின்னக் கொட்டிலில் கிடக்கிறது என்கிறார். அவ்வளவுதான். ‘உனக்குச் சண்டை தெரியாது’ என்ற வாக்கியம் பாட்டில் எங்கேயும் கிடையாது, அதைக் கேட்கிறவர்தான் மனசுக்குள் போட்டு முடிக்கிறார், முடித்த நொடியில் சிரிப்பு வந்துவிடுகிறது. தொண்டைமான் கோபப்பட்டாலும் எந்தச் சொல்லைப் பிடித்துச் சண்டைக்கு வருவான்? நெய் பூசியிருப்பது உண்மை, மாலையும் உண்மை.

இதையே ‘கோழைப்பயலே’ என்று சொல்லியிருந்தால் தூது அங்கேயே முடிந்திருக்கும், சிரிக்கவும் ஒன்றும் இருந்திருக்காது.

நம் வீட்டுக்கே வாருங்கள். பத்து மணிவரை தூங்கும் மகனைத் தினமும் ‘டேய்’ போட்டு எழுப்புகிற அம்மா, ஒருநாள் மட்டும் காபி டம்ளரோடு வாசற்படியில் நின்று, “துரை எழுந்துட்டீங்களா? தங்களுக்குக் காபி இங்கேயே கொண்டு வரட்டுங்களா?” என்கிறார். திட்டு என்று ஒரு சொல் இல்லை. ‘டேய்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘தாங்கள்’ வந்து உட்கார்ந்ததுதான் திட்டு. தங்கை வாய்பொத்திச் சிரிக்கிறாள், பையன் போர்வையை மடிக்கிறான். ஆனால் அதே அம்மா தினமும் ‘தாங்கள்’ போட்டால் நாலாம் நாள் யாரும் சிரிக்கமாட்டார்கள்.

எதிரணிச் சகோதரி, தன் நாத்தனார் நாசூக்காகப் பேசியதில் இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று கண்கலங்கச் சொன்னார். அம்மா, உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் இங்கே கேள்வி வலிக்குமா என்பதல்ல, கேட்கிறவர் ஏன் சிரிக்கிறார் என்பது. தொண்டைமான் தன் பலத்தைக் காட்டிப் பெருமைப்பட்டவன், அதனால் சிரிக்கிறோம். பதில் சொல்ல முடியாத மருமகளிடம் அதே பணிவைக் காட்டினால், எனக்குச் சிரிப்பு வராது.

தொண்டைமானுக்கு ஔவை சொன்னது புரிந்ததா என்று பாட்டு சொல்லவில்லை. புரியவில்லை என்கிறார் என் அணித் தோழர். புரிந்துதான் பேசாமல் நின்றான் என்பது என் எண்ணம். நடுவர் அவர்களே, அதை மட்டும் உங்களிடம் விட்டுவிடுகிறேன்.