520 ரூபாய்க்கு பினாயில்: என் முதல் டெண்டர் கணக்கு

எல்லோருக்கும் வணக்கம். இன்றைக்குக் கேமரா ஆடும், பொறுத்துக்கொள்ளுங்கள். கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் குடோனில் இருந்துதான் பேசுகிறேன். கையில் இருக்கிற இந்த ஐந்து லிட்டர் கேன் கருப்பு பினாயில். புதுச்சேரியில் ஒரு நிறுவனத்துக்கு இதை 500 கேன் சப்ளை செய்தேன். ஆன்லைன் டெண்டரில் நான் எடுத்த முதல் ஆர்டர். எடுத்த சந்தோஷம் ஒரு மாலை வரைதான்.

நடந்ததைச் சொல்கிறேன். கம்பெனியில் கேன் எனக்கு 430 ரூபாய், ஜிஎஸ்டி தனி. டெண்டர் இணையதளத்தில் ரேட் போட ஒரு எக்செல் ஷீட் தருவார்கள், அதைத்தான் BOQ என்பார்கள். அதன் பெயரை மாற்றக் கூடாது, கட்டங்களைக் கலைக்கக் கூடாது, ரேட்டை மட்டும் நிரப்பி அப்படியே ஏற்ற வேண்டும். அதில் நான் 520 போட்டேன். கேனுக்கு 90 ரூபாய் நிற்கும், 500 கேனுக்கு 45,000 என்று மனக்கணக்கு.

ரேட் கவர் திறந்தபோது நான்தான் எல்-1, அதாவது இருப்பதிலேயே குறைந்த ரேட். அடுத்தவர் 575. இவ்வளவு இடைவெளி ஏன் என்று டெண்டர் ஆவணத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். 'விலை, எல்லா வரிகளும் கிடங்கு வரை கொண்டுவரும் செலவும் உட்பட' என்று ஒரு வரி. நான் 520-க்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி தனியாக வரும் என்று நினைத்திருந்தேன்!

520-ஐ 1.18-ஆல் வகுத்தால் 440 ரூபாய் 68 பைசா. அதுதான் என் உண்மையான விற்பனை விலை. 430 கழித்தால் கேனுக்கு 10 ரூபாய் 68 பைசா, மொத்தம் 5,340. ஐந்து தவணையாக, நூறு நூறு கேனாகக் கொடுக்கச் சொன்னார்கள். ஒரு நடைக்கு வண்டி 1,500, இறக்கி அடுக்க ஆள் கூலி 500. ஐந்து நடைக்கு 10,000. ஆக 4,660 ரூபாய் கைநஷ்டம். வட்டிக் கணக்கை இன்னும் எடுக்கவில்லை.

விலகிவிடலாமே என்று கேட்பீர்கள். இஎம்டி என்கிற முன்வைப்புத் தொகை 6,000 கட்டியிருந்தேன், விலகினால் அது போகும். அதோடு சில காலம் அவர்கள் டெண்டரில் கலந்துகொள்ளவே தடை வரலாம். 'சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இருந்தால் இஎம்டி கட்ட வேண்டாமே' என்று பலர் சொல்வார்கள். மத்திய அரசின் கொள்முதல் கொள்கைப்படி அந்தச் சலுகை உற்பத்தியாளருக்கும் சேவை செய்பவருக்கும்தான். நம்மைப் போல் வாங்கி விற்கிற டிரேடருக்குக் கிடையாது. சான்றிதழை மட்டும் ஏற்றிவிட்டுப் பணம் கட்டாமல் விட்டால், ஆவணங்களைச் சரிபார்க்கிற டெக்னிக்கல் கவரிலேயே தள்ளிவிடுவார்கள், ரேட்டைத் திறக்கக்கூட மாட்டார்கள். அதனால் நஷ்டத்தோடு கொடுத்து முடித்தேன்.

அப்புறம் இந்த எல்லைப் பிரச்சினை. நமக்குப் பாண்டி பக்கத்து ஊர். பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். ஜிஎஸ்டிக்கு அப்படியில்லை, முள்ளோடை தாண்டினால் வேறு மாநிலம் மாதிரிதான். பில்லில் ஐஜிஎஸ்டி போட வேண்டும். ஒரு நடைச் சரக்கு வரியோடு 52,000 வந்ததால் ஒவ்வொரு முறையும் இ-வே பில் எடுத்தேன். திருப்பாதிரிப்புலியூரில் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், சிறு வியாபாரிகள் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டுகிற காம்போசிஷன் திட்டத்தில் இருக்கிறார், என்னைப் பார்த்து அவரும் பாண்டி டெண்டரில் இறங்கப் பார்த்தார். காம்போசிஷனில் இருந்துகொண்டு வெளி மாநிலத்துக்குச் சரக்கு விற்க முடியாது. சாதாரண ஜிஎஸ்டிக்கு மாறிய பிறகு வாங்க என்று சொல்லிவிட்டேன்.

சரி, ரேட்டை எப்படிப் போட்டிருக்க வேண்டும்? 430 வாங்கிய விலை. வண்டியும் கூலியும் கேனுக்கு 20. பில் கொடுத்துப் பணம் வர மூன்று மாதம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டியோடு நான் கம்பெனிக்குக் கட்டியது கேனுக்கு 507, நூற்றுக்கு மாதம் ஒன்றரை வட்டி என்றால் 23 ரூபாய். இதுவரை 473. லாபம் 40 வைத்தால் 513. அதன் மேல் 18 சதவீதம் போட்டால் 605. 575 போட்டவர் இருக்கும்போது அந்த ஆர்டர் எனக்கு வந்திருக்காது. வராமலே இருந்திருக்கலாம், இந்தக் குடோனில் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

அவர் எப்படி 575-க்குக் கொடுக்க முடிந்தது என்றும் யோசித்தேன். ஒருவேளை அவரே தயாரிப்பவராக இருக்கலாம். மட்டமான சரக்காக இருக்கவும் வாய்ப்பு உண்டு. கருப்பு பினாயிலுக்கு IS 1061 என்று தரக்குறியீடு இருக்கிறது, அதற்குள் கிரேடும் உண்டு. டெண்டரில் எந்த கிரேடு என்று பார்க்காமல் கம்பெனியில் விலை கேட்காதீர்கள். சரக்கைத் திருப்பி அனுப்பினால் இரண்டு பக்க வண்டி வாடகையும் நம் தலையில்தான்.

இப்போது விளக்குமாறும் பிளீச்சிங் பவுடரும் கேட்டு இன்னொரு டெண்டர் பார்த்து வைத்திருக்கிறேன். ரேட் கட்டத்தின் தலைப்பில் வரி பற்றி ஒன்றுமே இல்லை, ஆவணத்திலும் தெளிவில்லை. விளக்கம் கேட்கக் கடைசி நாளுக்கு முன்பே, 'ஜிஎஸ்டி உட்படவா, தனியா' என்று எழுதிக் கேட்டுவிட்டேன். பதில் இன்னும் வரவில்லை. அதுவரை ஷீட்டைத் திறக்கப் போவதில்லை.