உதானத்தின் ஒரு வரியில் எத்தனை 'இல்லை'?

கேள்வி: "ஐயா, உதானம் என்ற பாலி பௌத்த நூலில் எட்டாம் வர்க்கத்தின் மூன்றாம் சூத்திரத்தில் 'நோ சேதம் பிக்கவே அபவிஸ்ஸ அஜாதம் அபூதம்' என்று வருகிறது. நோ ஒரு எதிர்மறை, அபவிஸ்ஸவில் ஒரு அ, அஜாதத்தில் இன்னொரு அ. இரண்டு எதிர்மறை சேர்ந்தால் ஒன்றை ஒன்று அடித்துவிடுமே. இங்கே எதை எது அடிக்கிறது?"

இந்தக் கேள்வியைப் படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். பாலி படிக்கத் தொடங்கிய காலத்தில் நானும் இதே இடத்தில்தான் தடுக்கி விழுந்தேன். சூத்திரங்களில் அடிக்கடி 'ஏததஹோஸி' என்று வரும், 'இப்படி ஓர் எண்ணம் தோன்றியது' என்று பொருள். நான் அதை 'ஏதத் அ-ஹோஸி' என்று பிரித்து, 'இது தோன்றவில்லை' என்று நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அடுத்த வரியிலேயே அந்த எண்ணம் என்ன என்று சொல்லியிருக்கும். தோன்றாத எண்ணத்தை எப்படிச் சொல்ல முடியும் என்று இரண்டு நாள் மண்டையைக் குடைந்தது. ஆசிரியர் பார்த்துவிட்டு, "அந்த அ மறுப்பு இல்லை, இறந்தகாலத்தின் அடையாளம்" என்றார்.

அபவிஸ்ஸவில் இருப்பதும் அதே அகரம்தான். 'நடந்திருந்தால்' என்று நடக்காததை எண்ணிப் பேசும் வினைவடிவம் அது. பாலி இலக்கணத்தில் காலாதிபத்தி என்பார்கள். சில வினைகளில் இந்த அகரம் வராமலும் போகும், பொருள் மாறாது. ஆகவே அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். முற்றுவினையை மறுக்க வேண்டுமென்றால் பாலியில் ந, நோ, மா என்று தனிச்சொல் வரும். பெயரையும் எச்சத்தையும் மறுக்கத்தான் அ, அன் ஒட்டும். அத்தா என்றால் ஆன்மா; அது உயிரெழுத்தில் தொடங்குவதால் அன், அனத்தா. நிச்சம் என்றால் நிலையானது; அது மெய்யில் தொடங்குவதால் வெறும் அ, அனிச்சம்.

நான் எப்போதும் சொல்வதுதான்: எத்தனை எதிர்மறை என்று எண்ணாதீர்கள், ஒவ்வொன்றும் எந்தச் சொல்லைப் பிடித்திருக்கிறது என்று பாருங்கள். அதுக்கமசுகம் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு அகரம் இருக்கிறது, நடுவில் உள்ள மகரம் ஒலிக்காக வந்தது. ஒரு அ துக்கத்தைப் பிடிக்கிறது, இன்னொன்று சுகத்தை. துன்பமும் இல்லாத, இன்பமும் இல்லாத உணர்ச்சி. அங்கே எதுவும் எதையும் அடிக்கவில்லை.

இப்போது உங்கள் வரியை முழுசாகப் பார்ப்போம். 'நோ சேதம் பிக்கவே அபவிஸ்ஸ அஜாதம் அபூதம் அகதம் அஸங்கதம், நயித ஜாதஸ்ஸ பூதஸ்ஸ கதஸ்ஸ ஸங்கதஸ்ஸ நிஸ்ஸரணம் பஞ்ஞாயேத.' நோ பிடித்திருப்பது அபவிஸ்ஸவை. அஜாதத்தின் அ பிடித்திருப்பது ஜாதத்தை மட்டும். அதனால் நோவும் அந்த அகரமும் சந்திக்கவே இல்லை. "பிறவாதது, உண்டாகாதது, செய்யப்படாதது, கூட்டப்படாதது என ஒன்று இல்லாமல் இருந்திருந்தால், பிறந்ததிலிருந்து, உண்டானதிலிருந்து, செய்யப்பட்டதிலிருந்து, கூட்டப்பட்டதிலிருந்து வெளியேறும் வழி இங்கே தெரியவராது." நயித என்பது ந, இத இரண்டும் சேர்ந்தது. அந்த ந பஞ்ஞாயேதவை மறுக்கிறது.

சரி, நீங்கள் கேட்டிருந்தால் இன்னும் மகிழ்ந்திருப்பேன் என்று நான் நினைக்கும் கேள்வி ஒன்று உண்டு. இங்கே ஒரு 'இல்லாவிட்டால்', ஒரு 'தெரியாது' இருக்கின்றன. இரண்டையும் நீக்கிவிட்டு, 'பிறவாதது உண்டு, ஆகவே வழி உண்டு' என்று நாமே முடித்துக்கொள்ளலாமா? பலர் அப்படித்தான் படிக்கிறார்கள். ஆனால் மழை பெய்யாவிட்டால் கிணறு நிறையாது என்று சொன்னால், மழை பெய்தால் கிணறு நிறைந்தே தீரும் என்று ஆகிவிடாது. ஊற்றுக்கண் அடைத்திருக்கலாம். மழை கட்டாயம் வேண்டும் என்பது மட்டுமே அந்த வாக்கியம் சொல்வது. உதான வரியின் இரண்டு மறுப்பும் அவ்வளவுதான் சொல்கின்றன: பிறவாதது இன்றி வழி இல்லை.

அது உண்டு என்பதை இந்த மறுப்புகளிலிருந்து புத்தர் கறந்து எடுக்கவில்லை. அடுத்த வாக்கியத்தில் தனியாகவே சொல்கிறார்: 'யஸ்மா ச கோ பிக்கவே அத்தி அஜாதம்...' வினைகள் மாறுவதைக் கவனியுங்கள். முன்னே அபவிஸ்ஸ, இப்போது அத்தி, 'இருக்கிறது'. முன்னே பஞ்ஞாயேத, இப்போது பஞ்ஞாயதி, 'தெரிகிறது'. எண்ணிப் பார்க்கும் வடிவத்தை விட்டுவிட்டு நேரான நிகழ்காலத்துக்கு வந்துவிட்டார். அங்கே அஜாதத்தின் அ மட்டும் அப்படியே இருக்கிறது, ஏனென்றால் அது முதலிலிருந்தே அந்தப் பேரோடு ஒட்டியது.

அப்புறம் இந்த அஜாதம் 'பிறவாத ஒரு பொருள்' என்றா, 'பிறப்பு இல்லாத நிலை' என்றா என்று உங்களுக்கு ஒரு சந்தேகம் வரும். இலக்கணம் இரண்டுக்கும் இடம் தருகிறது. எனக்கு இரண்டாவதுதான் இந்தச் சூத்திரத்தோடு பொருந்துகிறது. இங்கே பேச்சு முழுவதும் நிப்பானம் என்ற விடுதலையைப் பற்றி, ஜாதத்திலிருந்து வெளியேறுவதைப் பற்றி. அதனால்தான் நான் மொழிபெயர்க்கும்போது 'பிறவாதது' என்று எழுதிவிட்டு, பக்கத்தில் 'பிறப்பற்றது' என்றும் எழுதி வைப்பேன்.